எச்சரிக்கை: பழைய கணக்கை பிடிஎஃப் ஆக்கித் தருகிறோம் என்று 14,500 ரூபாய் வாங்கிவிட்டு கணக்கையே அழித்துவிட்டார்கள்

மும்பையில் கடையோ பட்டறையோ வைத்திருக்கிற நம் ஆட்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய பில்லிங் புரோகிராமை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். எனக்கு 14,500 ரூபாய் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், ஆறு வருஷ லெட்ஜரில் வரவுப் பத்தி பாதியும் பாக்கிப் பத்தி முழுசும் போயிற்று. நேற்று ராத்திரி வரை அந்தக் கடைக்குப் போன் அடித்துப் பார்த்தேன். இனி எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்குத் தாராவியில் தோல் பை மொத்த வியாபாரம். கடைக் கணக்கு முழுக்க ஒரே புரோகிராமில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார், இன்ஸ்டால் பண்ணும் சிடியும் இல்லை. அதில் எக்செல்லுக்கு அனுப்ப வழி கிடையாது, பிடிஎஃப் பட்டன் கிடையாது. இருப்பது பிரிண்ட் பட்டன் ஒன்றுதான். அந்தக் காலத்து அகலமான டாட் மேட்ரிக்ஸ் பேப்பருக்கு, வரிக்கு 132 எழுத்து என்று கணக்குப் பண்ணி எழுதியது. கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபரோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, மெஷினும் தள்ளாடிக்கொண்டிருந்தது. புதுசு வாங்கிவிடுங்கள், ஆனால் பழைய கணக்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள் என்றார் ஆடிட்டர். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருஷத்துக் கணக்கை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்து டேட்டா எடுத்துத் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கிற சர்வீஸ் கடை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் இந்தியில்தான் பேசினார். என் பேச்சைக் கேட்டதும், "அண்ணாச்சி, நீங்க திருநவேலியா? நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம்தான்" என்றார். டீ வரவழைத்தார். ஊர்க்காரர், நம்மை ஏமாற்ற மாட்டார் என்ற எண்ணம் அந்த இடத்தில் வந்துவிட்டது. அதை வைத்துத்தான் அவர் தொழில் நடத்துகிறார் என்று இப்போது தோன்றுகிறது.

"இந்த மாதிரி புரோகிராமுக்கு ஸ்பெஷல் சாஃப்ட்வேர் இருக்கு அண்ணாச்சி. பிரிண்டர் மாதிரியே நடிக்கும், ஆனா பேப்பருக்குப் பதிலா பிடிஎஃப் வரும். லைசென்ஸ் 6,000, வேலைக்கு 8,500" என்றார். மொத்தம் 14,500. கண்ணெதிரே செய்தும் காட்டினார். என் புரோகிராமைத் திறந்து ஒரு பில்லை எடுத்து பிரிண்ட் கொடுத்தார். எங்கே சேமிக்க என்று ஒரு கட்டம் வந்தது, பெயர் கொடுத்தார், பிடிஎஃப் வந்துவிட்டது. அதற்குள் பார்ட்டி பெயரைத் தட்டித் தேடினார், அந்தப் பெயர் மட்டும் நிறம் மாறி நின்றது. "ஸ்கேன் பண்ணின படம் இல்ல, எழுத்தாவே இருக்கு. எப்ப வேணாலும் தேடலாம்" என்றார். இதற்கு மேல் என்ன சரிபார்க்க வேண்டும்? பணத்தைக் கொடுத்தேன். ஆடிட் முடிகிறவரை பழைய சிபியுவில் கை வைக்கக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "நம்ம கடையில பத்திரமா இருக்கும் அண்ணாச்சி" என்றார்.

பென் டிரைவ் வந்தது. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே பார்ட்டிவாரியாக லெட்ஜர். திறந்தால் திறக்கிறது, தேடினால் கிடைக்கிறது. ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே வேலை பார்க்கிற பெண் போன் பண்ணி, "அங்கிள், எல்லாப் பக்கத்திலயும் கிரெடிட் பாதியில நிக்குது, பேலன்ஸே இல்லையே" என்றது. திறந்து வலது ஓரத்தைப் பார்த்தேன். தேதி, வவுச்சர் எண், விவரம், பற்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வரவுப் பத்தியில் 34,560.00 என்று இருக்க வேண்டிய இடத்தில் 34,5 என்று நிற்கிறது. அந்த 5க்குப் பிறகு வெள்ளைப் பேப்பர். எத்தனை ஃபைலைத் திறந்தாலும் இதே கதை.

செம்பூரில் இருக்கிற அக்கா மகன் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அவனிடம் சொன்னேன். "மாமா, ஃபைலை அடோபி ரீடர்ல திறந்து Ctrl+D அழுத்துங்க. PDF Producer-னு ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க" என்றான். படித்தேன்: `Microsoft: Print To PDF`. "இதுவா லைசென்ஸ்? இது விண்டோஸ் 10 கூடவே வர்ற பிரிண்டர் மாமா. உங்க மெஷின்லயே சும்மா கிடந்திருக்கும்" என்றான். 6,000 ரூபாய் லைசென்ஸ் என்று சொன்னது, மைக்ரோசாஃப்ட் 2015இல் இருந்து விண்டோஸோடு இலவசமாகத் தருகிற சாமான்!

பத்தி ஏன் வெட்டுப்பட்டது என்பதையும் அவன்தான் விளக்கினான். உங்களுக்கு உதவப்போவது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த மாதிரி பிரிண்டர் நம் புரோகிராமுக்குள் இருக்கும் கணக்கை எடுத்துக்கொண்டு வருவதில்லை. புரோகிராம், பேப்பர் என்ன அளவு என்று பிரிண்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பேப்பர் மேல் எழுத்தை அடுக்குகிறது. பேப்பரின் விளிம்பைத் தாண்டி எழுதியது பக்கத்தில் வருவதில்லை, என் பிடிஎஃபில் எங்கேயும் ஒளிந்திருக்கவும் இல்லை. என் லெட்ஜர் வரிக்கு 132 எழுத்து. ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து என்ற பழைய கணக்கில் 13.2 அங்குலம், அதாவது சுமார் 33.5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். நிமிர்த்தி வைத்த ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய 80 எழுத்தோடு தாள் முடிந்துவிடும். எனக்கு வரவு எண்ணின் நடுவில் முடிந்தது. ஏ4 தாளைப் படுக்க வைத்தாலும் 29.7தான், அப்போதும் பாக்கிப் பத்தி நிற்காது. ஏ3 தாளைப் படுக்க வைத்தால் 42 சென்டிமீட்டர், முழு வரியும் தாராளமாக உட்காரும். கடையில் காட்டின பில் ஏ4க்குள் அடங்குகிற சின்ன பில். அதனால்தான் அன்றைக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய ஆகும் வேலை எவ்வளவு என்று கேட்டால் வயிறு எரியும். பிரிண்டர்கள் பட்டியலில் `Microsoft Print to PDF` என்பதைத் திறந்து `Printing preferences` போய், `Orientation` என்பதில் `Landscape`, `Advanced` உள்ளே `Paper Size` என்பதில் `A3`. அவ்வளவுதான். பழைய புரோகிராம் பல நேரம் எந்தப் பிரிண்டர் என்று கேட்காமல் டீஃபால்ட் பிரிண்டருக்கே அனுப்பும், அதனால் இதையே டீஃபால்ட் ஆக வைக்க வேண்டும். `Let Windows manage my default printer` என்று ஒன்று இருக்கும், அதை அணைக்காவிட்டால் விண்டோஸ் நடுவில் வேறு பிரிண்டருக்கு மாற்றிவிடும். இதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? ஒரே ஒரு லெட்ஜர் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதுமே. 14,500 ரூபாய் வாங்கினவர் அதைக்கூடப் பார்க்கவில்லை.

சரி, பழைய சிபியு இருக்கிறதே, மறுபடி எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்துப் போன் பண்ணினேன். முதலில், "உங்க கம்ப்யூட்டர்ல ஜூம் செட்டிங் சரியில்ல" என்றார். அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் கவுண்டரில் வேறு பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். அன்றைக்கு அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் அதற்குப் பிறகு பேசினபோது இந்திக்கு மாறிவிட்டார். நீங்கள் பிடிஎஃப் கேட்டீர்கள், பிடிஎஃப் கொடுத்தோம், பத்தி வேண்டும் என்று சொன்னீர்களா என்று கேட்டார். கணக்கு லெட்ஜரில் பாக்கிப் பத்தி வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, சிபியுவையாவது கொடுங்கள் என்றேன். ஃபார்மட் பண்ணி வேறு விண்டோஸ் போட்டாயிற்றாம்! தொடாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லையாம். டேட்டா ரிகவரி பண்ணிப் பார்க்கலாம், இன்னொரு 9,000 ஆகும் என்று அதே மூச்சில் சொன்னார். என் 14,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் போனை வைத்தவர்தான். வாட்ஸ்அப்பிலும் பிளாக் பண்ணிவிட்டார். அவர் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தால் மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்திருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணே இல்லை. 1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். இப்போது பேங்க் ஸ்டேட்மென்டை வைத்து ஒவ்வொரு பார்ட்டியின் வரவையும் கையால் பொருத்திக்கொண்டிருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் கணக்குக்கு அதுவும் உதவாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பில்லை வைத்து சாம்பிள் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புரோகிராமிலேயே அகலமான ரிப்போர்ட் எதுவோ அதை எடுக்கச் சொல்லி, வலது ஓரத்துக் கடைசிப் பத்தியைத் திரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேடினால் கிடைக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வெட்டுப்பட்ட பக்கத்திலும் பெயர் கிடைக்கத்தான் செய்யும்.

லைசென்ஸ் சாஃப்ட்வேர் என்று காசு கேட்டால் அடோபி ரீடரில் Ctrl+D போட்டு எதில் செய்தார்கள் என்று அங்கேயே படியுங்கள்.

டாஸ் காலத்துக் கறுப்புத் திரை புரோகிராம் என்றால் இந்த வழி அப்படியே வேலை செய்யாது. அவற்றில் பல, பிரிண்டருக்கு நேரடியாகக் குறியீடுகளை அனுப்புகிறவை, இந்தப் பிரிண்டருக்கு அது புரியாது. அதையும் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சிபியுவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலையை உங்கள் இடத்தில், உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எல்லா வருஷத்துக் கணக்கையும் ஆடிட்டர் பார்த்து சரி என்று சொல்லும்வரை பழைய ஹார்ட் டிஸ்க் உங்கள் பீரோவில்தான் இருக்க வேண்டும்.