விட்டுப்போன நான்கு வகுப்புகள்: ஒரே ஞாயிறா, இணையமா, அரை மணி நேரமா?

பாட்டு வகுப்பு மாணவர்களுக்கு,

என் தொண்டை கட்டிக்கொண்டதில் நான்கு சனிக்கிழமைகள் போய்விட்டன. உங்களுக்கு நான் நான்கு மணி நேரம் பாக்கி. மோகன வர்ணமான 'நின்னுக்கோரி' முக்தாயி ஸ்வரத்தோடு நிற்கிறது. சரணமும் அதன் ஸ்வரங்களும் இன்னும் தொடங்கவில்லை. ஈடுகட்ட உங்கள் வீடுகளிலிருந்து மூன்று யோசனைகள் வந்தன.

பெரும்பாலோர் கேட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரமும் உட்கார்ந்து முடித்துவிடுவது. அலைச்சல் ஒரு நாளோடு போகும், உண்மைதான். ஆனால் வர்ணத்தை இரண்டு காலத்திலும் திரும்பத் திரும்பப் பாடினால் உங்கள் வயதில் ஒரு மணி நேரத்திலேயே குரல் களைத்துவிடும். களைத்த குரலில் காந்தாரம் தம்புராவோடு சேராமல் சற்றே இறங்கி நிற்கும். பாடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. மேல் ஷட்ஜத்தை எட்டக் கத்தத் தொடங்குவீர்கள். இதைவிடப் பெரிய சிக்கல் மோகனத்திலேயே இருக்கிறது. அதில் ஐந்தே ஸ்வரங்கள் என்பதால் சரண ஸ்வரங்கள் ஒன்றுபோலவே காதில் விழும். ஒன்றை வீட்டில் நான்கைந்து நாள் பாடிப் படியவைக்காமல் அடுத்ததைக் கற்றால், ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலுமாக ஒட்டிக்கொண்டு வரும். முன்பொரு முறை இப்படி ஒரே நாளில் கற்பித்துவிட்டு, அதைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் செலவழித்தேன்.

வார நாள் மாலையில் இணையவழி வகுப்பு என்பது இரண்டாவது யோசனை. ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் எல்லோரும் சேர்ந்து பாடித் தாளம் போட முடியாது. நான் ஒரு வரி பாட, ஒருவர் மட்டும் திருப்பிப் பாட வேண்டும்; பத்துப் பேர் இருக்கையில் ஆளுக்கு ஆறு நிமிடம்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, ஜூம் செயலி தம்புராவின் ரீங்காரத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்பில் 'Original sound for musicians' என்பதைத் தேர்ந்தால் அது சரியாகும். தாமதம் அப்படியேதான் இருக்கும். ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த வழி.

மிஞ்சியது, எட்டுச் சனிக்கிழமைகள் அரை மணி நேரம் கூடுதலாக இருப்பது. இரண்டு மாதம் இழுக்கும், பஸ் நேரமும் மாறும் என்று முணுமுணுப்பீர்கள். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு ஸ்வரமாக நிதானமாகப் போகலாம். இதையே முடிவு செய்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை புதிதாக எதுவும் இல்லை. பல்லவியிலிருந்து முக்தாயி ஸ்வரம் வரை இரண்டு காலத்திலும் பாடச் சொல்வேன். இரண்டாம் காலத்தில் பாட்டு மட்டும்தான் இரட்டிக்க வேண்டும். தாளம் போடும் கையும் சேர்ந்து வேகமெடுத்தால் சரணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பேன். வகுப்பு ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை. கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஸ்வர நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.