ஒரே 1990, ஒரே சேனல், ரெண்டு 'ஸ்பெஷல்' எபிசோட்

ரெண்டுமே அமெரிக்க சேனல் என்பிசில வந்த காமெடி தொடர்கள்ல, திடீர்னு சீரியஸா ஒரு விஷயத்த எடுத்து பாடம் சொல்ற 'ஸ்பெஷல்' எபிசோட். ஒண்ண இன்னிக்கும் மீம் போட்டு ஓட்றாங்க, இன்னொண்ண கிண்டலுக்கு யாரும் தொடறதில்ல.

சேவ்ட் பை தி பெல்ங்கற ஸ்கூல் காமெடில படிக்கற பொண்ணு ஜெஸ்ஸிக்கு ஜியாமெட்ரி டெஸ்ட் ஒரு பக்கம், பாட்டு குரூப் ஒரு பக்கம், ரெண்டையும் சமாளிக்க காஃபின் மாத்திரையா போட்டு கடைசில பாடிக்கிட்டே அழுது ஃப்ரெண்டு ஸாக் கையில சரிஞ்சிடுவா. முதல்ல எழுதினது ஸ்பீடுங்கற போதை மாத்திரையாம், சேனல் சென்சார் ஒத்துக்கலன்னு தயாரிப்பாளர் பீட்டர் எங்கலே பின்னாடி சொன்னாரு. மாத்திரைய மாத்துனாங்க, ஆனா அழுகைய அப்படியே விட்டுட்டாங்க, காபித்தூள் ரேஞ்சு விஷயத்துக்கு ஹெராயின் ரேஞ்சு அழுகைன்னா சிரிப்பு வராம என்ன செய்யும்? அடுத்த வாரம் அந்தப் பொண்ணு ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிப்பா, அது வேற.

கோல்டன் கேர்ள்ஸ் ஒரே வீட்டுல சேர்ந்து வாழற நாலு வயசான பொம்பளைங்க கதை. அதுல ஒருத்தியான ரோஸுக்கு பழைய ஆபரேஷன்ல ஏத்துன ரத்தத்துல ஹெச்ஐவி இருந்திருக்கலாம்னு தகவல் வருது, டெஸ்ட் ரிசல்ட்டுக்கு 72 மணி நேரம் காத்திருக்கணும். இங்க பாடம் எடுக்க வெளியாள் யாரும் வரல. கூடவே இருக்கற சோஃபியா பாட்டியே பயந்துபோய் ரோஸோட காபி கப்ல 'R'னு எழுதி வெக்குது பாருங்க, நமக்குப் பிடிச்ச ஆளே ஒதுக்கி வெக்கறப்போதான் சுருக்குன்னு குத்துது. நல்லவளா இருந்த எனக்கா இதுன்னு ரோஸ் குமுறும்போது, இது கெட்டவங்களுக்கு வர்ற வியாதி இல்லன்னு கூட இருக்கற பிளாஞ்ச் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றா. ரிசல்ட் நெகட்டிவ்னு வசதியா முடிச்சது மட்டும் எனக்கு கொஞ்சம் உறுத்தல்தான்.