பிளான்ல மாத்தம் சொல்றது: வாய்ஸ் நோட்டா, கிராஃப் ஷீட்டா, பிரிண்ட்ல செவப்பு பேனாவா?

பல்லடம் பக்கத்துல அஞ்சரை சென்ட், நாப்பதுக்கு அறுவது, கிழக்கு பாத்த சைட்டு. ஆர்க்கிடெக்ட் மேடம் மொத டிராஃப்ட் குடுத்ததுல இருந்து ஃப்ளோர் பிளான் ஃபைனல் ஆகற வரைக்கும் எங்க கருத்த எப்படி சொல்றதுன்னு வீட்ல பெரிய பேச்சே நடந்துச்சு. சொந்தத்துல ரெண்டு பேரு இப்பதான் வீடு கட்டி முடிச்சிருந்தாங்க, அவங்க ஆளுக்கு ஒரு வழி சொன்னாங்க. நாங்க மூணாவது வழிக்கு போனோம். மூணையும் கிட்ட இருந்து பாத்ததால எழுதறேன், நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிர்றேன்: அளவு மாறாம எடுத்த பிரிண்ட்ல நம்பர் போட்டு குறிச்சு, கூட ஒரு பக்கத்துல எழுதிக் குடுக்கறது.

வாய்ஸ் நோட்டு பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, சுலபம், எல்லாரும் அதத்தான் பண்றாங்க. மச்சான் வீட்டுக்கு அப்படித்தான் நடந்துச்சு. அவரு கார்ல போகும்போது ஒண்ணு, அக்கா சமைக்கும்போது ஒண்ணு, அவங்க மாமனாரு வாஸ்து பாக்கறவர கேட்டுட்டு வந்து ஒண்ணு. "அந்த லெஃப்ட் சைடு ரூமு"ன்னு ஒருத்தர் சொன்னா ரோட்டுல இருந்து உள்ள பாத்து லெஃப்டா, உள்ள இருந்து வெளிய பாத்து லெஃப்டா? அது போக எந்த பிளான பாத்து பேசறாங்கன்னும் தெரியாது, ஏன்னா ஃபோன்ல பழசும் புதுசும் ஒரே பேர்ல கெடக்கும். ஒரு சின்ன சந்தேகத்த கேட்டு முடிச்சுக்க ஃபோன் நல்லது, ஒரு முழு பிளானுக்கு அது பத்தாது.

அடுத்தது நாமளே வரைஞ்சு குடுக்கறது. தாராபுரத்து மாமா இந்த கட்சி. கிராஃப் ஷீட்டு வாங்கி, ஒரு கட்டம் ஒரு அடின்னு வச்சு, அவரு நெனச்ச மாதிரியே முழு வீட்டையும் வரைஞ்சு ஆர்க்கிடெக்ட் கையில குடுத்துட்டாரு. இதுல ஒரு நல்லது இருக்குங்க, வரையறப்ப தான் நம்ம வீட்ல என்னென்ன சாமான் இருக்கு, யாரு எங்க படுப்பாங்கன்னு உருப்படியா யோசிப்போம். ஆனா கிராஃப்ல செவரு வெறும் ஒரு கோடு, தடிமனே கெடையாது. வரிசையா நாலு ரூம் போட்டா அஞ்சு செவரு வருது, வெளிய ரெண்டு ஒம்பது இஞ்சு, உள்ள மூணு நாலரை இஞ்சு, கூட்டிப் பாருங்க ரெண்டரை அடிக்கு மேல, பூச்சு தனி. அந்த ரெண்டரை அடி எந்த ரூம்ல இருந்து போகோணும்னு மாமா சொல்லல, வரையறவரே ஏதோ ஒண்ணுல கொறச்சாரு. மாடிப்படியும் அப்படித்தான். பத்தடி உயரத்துக்கு ஏறோணும்னா ஒரு படி ஆறரை ஏழு இஞ்சுன்னு வச்சாலும் பதினெட்டு படி ஆகுது, நடுவுல திரும்பற மாதிரி போட்டாக்கூட கிட்டத்தட்ட பத்தடி நீளம், ஆறடிக்கு மேல அகலம் கேக்கும். மாமா கட்டத்துல எட்டு கோடு போட்டு படின்னு எழுதி வச்சிருந்தாரு.

அளவு தப்புனா திருத்திக்கலாம், அத விட பெரிய நஷ்டம் வேற. நாம தீர்வ வரைஞ்சு குடுத்துட்டா நம்ம தேவை என்னன்னு அவங்களுக்கு தெரியவே தெரியாது. மாமா சமையலறைய பதினாலு அடின்னு வரைஞ்சாரு, அவங்களும் அப்படியே போட்டுக் குடுத்துட்டாங்க. அத்தைக்கு உண்மையில வேண்டியிருந்தது மாவாட்டறதுக்கும் பெரிய பாத்திரம் கழுவறதுக்கும் தரையோட ஒரு எடம், பக்கத்துல குழாய், தண்ணி வடியறதுக்கு வழி. பதினாலு அடி சமையலறையில அது இல்ல, கிரைண்டர் இன்னிக்கும் மேடைக்கு அடியில தான் இருக்குது.

இப்ப மூணாவது. எங்க வீட்டு கதையவே எடுத்துக்கறேன், இதுல தான் வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது.

மேற்கால ரெண்டு பெட்ரூம், ரெண்டுக்கும் நடுவுல நாலடி அகலத்துல ஒரு நடை, நடை போய் முடியற மேற்கு செவத்துல ஒசரமா ஒரு ஜன்னல். அம்மா பாத்த ஒடனே "இது என்னத்துக்கு கண்ணு, நாலடி வீணாப் போகுது, ரூமோட சேத்தீரச் சொல்லு"ன்னாங்க. வீட்டுக்காரிக்கும் அதே எண்ணம், அவளோட கணக்கு அலமாரிக்கு எடம் பத்தலங்கறது. வாய்ஸ் நோட்டா இருந்தா "நடைய எடுத்துட்டு பெட்ரூம பெருசு பண்ணுங்க"ன்னு போயிருக்கும், அடுத்த பிளான்ல நடை காணாமப் போயிருக்கும்.

நாங்க பண்ணது, மாத்தம் எதுவும் எழுதறதுக்கு முன்னாடி கேள்விய மட்டும் தனியா அனுப்புனது. "ஏனுங்க மேடம், இந்த நடையும் ஜன்னலும் இங்க வச்சதுக்கு காரணம் என்னங்க?" அவ்வளவு தான். பதில் வந்துச்சு: பாலக்காட்டு கணவாய் வழியா ஆனி ஆடியில வர்ற காத்து அந்த ஜன்னல்ல நொழஞ்சு, நடை வழியா டைனிங், ஹால் தாண்டி கெழக்கு வாசல்ல வெளிய போகோணும், வீட்டோட நடுப்பகுதி அதனாலதான் குளுகுளுன்னு இருக்கும், நடைய அடைச்சா டைனிங்குக்கு காத்தே கெடையாது. நம்மூரு ஆடிக்காத்த பத்தி அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, கேட்டதும் "அப்பறம் எதுக்கு எடுக்கோணும், இருக்கட்டும்"னுட்டாங்க.

அதுக்கப்பறம் தான் குறிப்பு எழுதுனோம். பிளான்ல அந்த ரெண்டு பெட்ரூம்ல ஒண்ண சுத்தி செவப்புல ஒரு வட்டம், பக்கத்துல 3ன்னு நம்பர். தனி பேப்பர்ல 3க்கு நேரா: "மேற்கு பெட்ரூம். ரெண்டு பேரோட துணிமணி, பட்டுச்சேலை, விருந்தாளி மெத்தை வைக்க ரெண்டடி ஆழத்துல எட்டடி நீளத்துக்கு அலமாரி வேணும். கட்டாயம். நடையும் ஜன்னலும் இப்படியே இருக்கோணும்." எங்க வைக்கறதுன்னு எழுதல. அடுத்த பிளான்ல பாத்ரூம் கதவு ரெண்டடி தள்ளிப் போயிருந்துச்சு, கதவு இருந்த அந்த செவரு முழுக்க அலமாரி. இது எங்க யாருக்கும் தோணவே இல்ல.

எழுதற விதத்துல எங்களுக்கு ரொம்ப உதவுனது ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசில கட்டாயம், முடிஞ்சா, கேள்வி இந்த மூணுல ஒண்ணு போட்டது. எல்லாத்தையும் ஒரே தொனியில எழுதுனா ஜன்னல் கம்பி டிசைனும் அக்னி மூலை அடுப்பும் அவங்களுக்கு ஒரே கனமா தெரியும், ரெண்டும் மோதுறப்ப எத விடறதுன்னு அவங்களே முடிவெடுக்க வேண்டி வரும். வாஸ்து இருந்தா அதுவும் கட்டாயத்துல மொத ரவுண்டுலயே போயிரோணும். இன்னொண்ணு, அதே பேப்பர்ல கீழ "இத மாத்தாதீங்க"ன்னு ஒரு பகுதி. புடிச்சத யாரும் சொல்றதில்ல, புடிக்காதத மட்டும் சொல்றோம், அப்பறம் புடிக்காதத சரி பண்ற வேகத்துல புடிச்சதும் சேந்து நகந்துருது.

பிரிண்ட் எடுக்கறதுல ஒரு விஷயம் கவனிங்க. 1:50 அளவுல எங்க சைட்டு ஏ3 பேப்பர்ல அடங்குது, ஆனா ஜெராக்ஸ் கடையில பழக்கதோஷத்துல ஃபிட் டு பேஜ் போட்டு எடுத்துருவாங்க, அப்ப அளவு போச்சு. ஆக்சுவல் சைஸ்னு சொல்லி எடுத்துட்டு, பிளான்ல பத்தடின்னு எழுதியிருக்கற ஒரு எடத்த ஸ்கேல் வச்சு அளங்க, 6.1 சென்டிமீட்டர் வரோணும். வந்துச்சுன்னா நம்ம கட்டில அதே அளவுல பேப்பர்ல வெட்டி, ஆறுக்கு ஆறரை கட்டில் 3.7க்கு 4 சென்டிமீட்டர் வரும், ரூமுக்குள்ள வச்சு சுத்தி எவ்வளவு எடம் இருக்குன்னு அளந்தே எழுதலாம். "ரூம் சின்னதா இருக்கு"ங்கறதுக்கும் "கட்டில் போட்டா ஜன்னல் பக்கம் ஒண்ணேகால் அடி தான் மிச்சம், அம்மா நடக்க ரெண்டரை அடியாச்சும் வேணும்"ங்கறதுக்கும் அவங்க செய்யற வேலையே வேற.

ஆனா நான் இந்த வழிய விடாம புடிச்சதுக்கு காரணம் இது எதுவும் இல்ல, புது பிளான் திரும்பி வர்ற அன்னிக்கு நடக்கறது தான். மூணு வழிலயும் சொல்லிரலாம். சொன்னது நடந்துச்சா, சொல்லாதது எதாச்சும் மாறுச்சான்னு பாக்க முடியறது இதுல மட்டும் தான். வாய்ஸ் நோட்டுல அத்தனையும் திரும்ப உக்காந்து கேக்கோணும், யாரும் கேக்கறதில்ல. வரைஞ்சு குடுத்ததுல எந்த மாத்தம் எதுக்காகன்னு பட்டியலே கெடையாது. எங்ககிட்ட நம்பர் இருந்துச்சு, ஒவ்வொண்ணா டிக் அடிச்சோம். அடுத்ததா பழைய பிரிண்டையும் புதுசையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஜன்னல் கண்ணாடியில ஒட்டிப் பாத்தோம், ரெண்டும் ஒரே அளவுல இருக்கறதால மாறுனது மட்டும் ரெட்டைக் கோடா தெரியும். அப்படித்தான் கண்டுபுடிச்சது, நாங்க சமையலறை பத்தி சொன்ன 5ஆம் நம்பருக்காக பக்கத்து வேலைத்தாழ்வாரத்த ஒன்றரை அடி அகலப்படுத்துனதுல டைனிங் ஜன்னல் நாலடியில இருந்து மூணடியா ஆகியிருந்துச்சு. மேடம் மேல தப்பு சொல்ல முடியாது, ஒரு எடத்த தள்ளுனா இன்னொண்ணு நகரத்தான் செய்யும். "5 சரிங்க, ஆனா டைனிங் ஜன்னல் 4 அடியே வேணும், கட்டாயம்"னு ஒரு வரி, ஜன்னல் கொஞ்சம் வடக்கால தள்ளி பழைய அகலத்துக்கு வந்துருச்சு. கதவு எந்தப் பக்கம் தெறக்குது, ஜன்னல் அகலம், பாத்ரூம் அளவு, படி எண்ணிக்கை, இந்த நாலும் தான் சத்தமில்லாம மாறும், மொதல்ல அங்க பாருங்க. மாத்துன எடத்த சுத்தி மேகம் மாதிரி கோடு போட்டு எத்தனாவது ரிவிஷன்னு ஆர்1, ஆர்2ன்னு குறிச்சுத் தரச் சொன்னா பெரும்பாலும் தருவாங்க, கேளுங்க. நம்ம குறிப்பு பேப்பர்லயும் எந்த ஆர் மேல எழுதுனதுன்னு தேதியோட போடுங்க.

இதுல கஷ்டம் இல்லாம இல்ல. வீட்ல எல்லாரையும் ஒரே பேப்பருக்கு கொண்டு வரோணும், அப்பாவும் வீட்டுக்காரியும் பூஜை ரூம் விஷயத்துல ஆளுக்கு ஒரு பக்கம் நின்னா அத ஆர்க்கிடெக்ட் தலையில போடாம நாமளே பேசி முடிச்சு ஒரே ஆள் அனுப்போணும். அதுக்கு ஒரு வாரம் கூட ஆகும். டேப்லெட்ல பிடிஎஃப் மேலயே குறிக்கறாங்க, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அதுதான் வழி, ஆனா நான் பேப்பர்ல மட்டும் தான் பண்ணேன். 3டி படம் வச்சு கருத்து சொல்றதுலயும் எனக்கு அனுபவம் கம்மி, எலிவேஷனுக்கு சரியா இருக்கலாம், ரூம் அளவுக்கு நான் பிளானத்தான் நம்புவேன்.

எந்த வழியா இருந்தாலும் இது எல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூணு, அதாவது காலம், எங்கெங்கன்னு போடறதுக்கு முன்னாடி முடிஞ்சிரோணுங்க. காலம் உக்காந்துட்டா நாலரை இஞ்சு செவர இங்கிட்டு அங்கிட்டு தள்ளலாம், அந்த நடை மாதிரி ஒண்ண அப்பறம் கொண்டு வர்றதுன்னா காலம், பீம்னு எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போடோணும்.