பிளே ஸ்டோரில் தேடுவதா, ஆட்டோபேயில் வெட்டுவதா?

தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஜனவரி 11 அன்று ஒரு ஜாதகப் பொருத்த ஆப்பை இறக்கினேன். மூன்று நாள் சோதனைக்கு 2 ரூபாய் கேட்டது. யுபிஐ பின் நம்பரைப் போட்டேன், பத்துக்கு ஆறு பொருத்தம் என்றது. அந்த வரன் தட்டிப்போக, ஆப்பையும் போனிலிருந்து தூக்கிவிட்டேன். ஜூன் மாதம் வங்கிக் கணக்கைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு 14-ஆம் தேதியும் 399 ரூபாய் போயிருக்கிறது. ஆறு மாதத்துக்கு 2,394 ரூபாய்.

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். இருந்தும் மாட்டினேன்.

இப்படி மறந்துபோன சந்தாக்களைத் தேட ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பிளே ஸ்டோரின் சந்தாப் பட்டியல். இன்னொன்று யுபிஐ ஆப்பில் இருக்கும் ஆட்டோபே பட்டியல். இரண்டையும் பார்த்தேன். என் ஓட்டு இரண்டாவதற்கு.

முதலில் பிளே ஸ்டோர். மேலே இருக்கும் முகப்புப் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions என்று போனால் பட்டியல் வரும். தொட்டு ரத்து செய்துவிடலாம். கட்டிய காலம் முடியும்வரை சேவையும் கிடைக்கும். இரண்டு கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் கணக்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், சந்தா எந்தக் கணக்கில் எடுக்கப்பட்டதோ அதில் மட்டும்தான் தெரியும். என் இரண்டு கணக்கிலும் தேடினேன். ஜாதக ஆப் எதிலும் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் விஷயமே. பிளே ஸ்டோர் வழியாகப் பணம் கட்டிய சந்தாக்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் வரும். நம் ஊரில் 1 ரூபாய், 2 ரூபாய்க்குச் சோதனை தரும் ஆப்களில் பல, கூகுளைத் தொடாமல் நேராக யுபிஐ ஆட்டோபேயில் அனுமதி வாங்கிவிடுகின்றன. இணையதளத்தில் எடுத்த சந்தாவும் அப்படியே. ஆகவே பிளே ஸ்டோர் பட்டியல் காலியாக இருந்தால், கூகுள் வழியாக எதுவும் போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பணமே போகவில்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

சரி, ஆட்டோபே. யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2020-இல் கொண்டுவந்த வசதி இது. நாம் ஒருமுறை பின் நம்பர் போட்டு ஒரு மேண்டேட் கொடுக்கிறோம், அதாவது தொடர்ந்து பணம் எடுக்க அனுமதி. அதன்பின் ஒவ்வொரு மாதமும் பின் கேட்காமலே பணம் எடுக்கலாம். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்குள் இருந்தால் சந்தாக்களுக்கு மறுபடி நம்மைக் கேட்க வேண்டியதில்லை. பணம் எந்த வாசல் வழியாகப் போகிறதோ அந்த வாசலிலேயே நின்று பார்ப்பதால், யுபிஐயில் தானாகப் போகும் எதுவும் இந்தப் பட்டியலுக்குத் தப்பாது. அந்தந்த யுபிஐ ஆப்பில் முகப்புப் படத்தைத் தொட்டால் Autopay என்று இருக்கும். போனில் எத்தனை யுபிஐ ஆப் இருக்கிறதோ, அத்தனையிலும் பார்த்துவிடுவது நல்லது.

என் பட்டியலில் ஐந்து இருந்தன. ஜாதக ஆப்பின் பெயர் மட்டும் அங்கேயும் இல்லை! இங்குதான் பொறுமை வேண்டும். மேண்டேட்டில் ஆப்பின் பெயர் இல்லாமல், அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் இருக்கலாம். கேள்விப்படாத ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட். நான் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தேன். ஒவ்வொரு மேண்டேட்டையும் திறந்தால், அது தொடங்கிய நாள் இருக்கும். ஜனவரி 11 என்று ஒன்றில் இருந்தது. கணக்கில் அன்றைக்கு 2 ரூபாய் போனதும் அதே பெயருக்குத்தான். ஆள் சிக்கினார்.

தொகையைப் பார்த்துத் தேடியிருந்தால் தவறவிட்டிருப்பேன். மேண்டேட்டில் தெரிவது உச்சவரம்பு, மாதம் எடுக்கும் தொகை அல்ல. 399 எடுத்தவர் வாங்கி வைத்திருந்த அனுமதி 999 ரூபாய் வரை. விலையை ஏற்றினாலும் என்னைக் கேட்காமல் எடுத்திருக்கலாம்.

இதே பெயர்க் குழப்பம் எதிர்ப்பக்கமும் கடிக்கும். பட்டியலில் கிளியரிங் கார்ப்பரேஷன் என்று ஒன்றைப் பார்த்து, இதுவும் ஏதோ திருட்டு ஆப் என்று வெட்டப் போனேன். அது என் மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி. காப்பீட்டுப் பிரீமியம், கடன் தவணை எல்லாம் இதே பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கும். தொடங்கிய தேதியும் கடைசியாகப் போன தொகையும் கணக்கோடு பொருந்தாமல் எதையும் வெட்டாதீர்கள்.

வெட்டும்போது Pause, Revoke என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைத்தான் தொட வேண்டும், சில ஆப்களில் அது Cancel autopay என்று இருக்கும். நிறுத்திவைத்தது குறித்த தேதியில் தானாக எழுந்துகொள்ளும். ரத்து செய்யப் பின் நம்பர் கேட்கும், பயப்பட வேண்டாம். அப்புறம், பட்டியலில் அதன் நிலை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிளே ஸ்டோர் ஜெயிக்கும் இடமும் உண்டு. பணம் போய் 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால், கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம், கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஆட்டோபேயை வெட்டினால் இனிமேல் போவது நிற்கும், போனது வராது. ஜாதக ஆப்காரர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை, 2,394-க்கு முழுக்குப் போட்டாயிற்று.

இன்னொரு விஷயம். சந்தா உண்மையிலேயே பிளே ஸ்டோர் வழியாக எடுத்ததென்றால், அங்கே ரத்து செய்யாமல் மேண்டேட்டை மட்டும் வெட்டுவது அரைகுறை வேலை. கூகுள் கணக்கில் மாற்றுக் கட்டண வழியாக ஒரு கார்டு சேர்த்திருந்தால் அதிலிருந்து எடுக்கப் பார்க்கும். அதற்கு முதலில் பிளே ஸ்டோர், பிறகு மேண்டேட் என்பதே வரிசை.

கார்டில் போகும் சந்தாக்களுக்கு வங்கியின் இணையதளத்திலோ ஆப்பிலோ இதேபோல் ஒரு பட்டியல் உண்டு. என் கார்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால் அதைப்பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. ஐபோன் தம்பியிடம் இருக்கிறது. அதில் Settings-இல் அவன் பெயரைத் தொட்டால் Subscriptions வருகிறது. ஆப்பிள் வழியாக எடுத்தவை மட்டுமே அதில் தெரியும் என்பதால் அங்கேயும் கதை இதேதான். சோதனைக் காலம் முடிய 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும் என்கிறது ஆப்பிள்.

எனக்குக் குறுஞ்செய்தி வராமல் இல்லை. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. தேடிப் பார்த்தால், ஆறு மாதமும் 13-ஆம் தேதி ஒழுங்காக வந்திருக்கிறது, அதே கேள்விப்படாத பிரைவேட் லிமிடெட் பெயரில். லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்ற செய்திகளுக்கு நடுவே நான்தான் பார்க்கவில்லை. இப்போது குறுஞ்செய்திப் பெட்டியில் மாதம் ஒருமுறை mandate என்று தட்டித் தேடுகிறேன். அரை நிமிட வேலை.

அம்மாவின் போனிலும் பார்த்தேன். மூன்று மேண்டேட் இருந்தது. இரண்டை வெட்டினேன். மூன்றாவது, மாதம் 99 ரூபாய்க்குப் பக்திப் பாடல் ஆப். "அது எனக்குத் தெரியும்டா, நான் தினம் கேக்கறேன், அதுல கை வைக்காதே" என்றார்.