முழு அட்டவணையா, ஒற்றை வரிசையா? கட்டங்களில் வழிகளை எண்ணும் முறைகள்

மேல் இடது மூலையில் கிளம்பி, வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும் நகர்ந்து, கீழ் வலது மூலையை எத்தனை வழிகளில் அடையலாம்? நடுவே சில கட்டங்கள் அடைபட்டிருக்கும். எந்தக் கட்டத்துக்கும் மேலிருந்தோ இடமிருந்தோதான் வர முடியும். ஆகவே அவ்விரண்டின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். அடைபட்ட கட்டத்துக்குப் பூஜ்யம். டைனமிக் புரோகிராமிங் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் சந்திக்கும் கணக்கு இது என்பதால் நேராக முறைகளுக்கு வருகிறேன்: முழு அட்டவணை, ஒற்றை வரிசை, விடைகளைச் சேமித்துவைக்கும் ரிகர்ஷன்.

நான் ஒற்றை வரிசையின் பக்கம். நினைவகம் மிச்சமாகிறது என்பார்கள். ஆயிரத்துக்கு ஆயிரம் அட்டவணைகூட 64 பிட் எண்களில் 8 எம்.பி.தான், அதற்காக யாரும் முறை மாற வேண்டியதில்லை. என்னை மாற்றியது விளிம்புதான்.

அட்டவணை முறையில் முதல் வரிசையையும் முதல் நெடுவரிசையையும் 1 என்று நிரப்பிவிட்டு உள்ளே போவது வழக்கம். முதல் வரிசையிலேயே ஓர் அடைப்பு இருந்தால் அதற்கு வலப்பக்கம் எல்லாமே பூஜ்யமாக வேண்டும். அதற்குத் தனி லூப், நெடுவரிசைக்கு இன்னொன்று, தொடக்கக் கட்டமே அடைபட்டிருந்தால் தனி நிபந்தனை. மேலேயும் இடப்பக்கமும் பூஜ்ய விளிம்பு சேர்த்துச் சமாளிக்கலாம். ஆனால் அட்டவணையின் எண்கள் ஒன்று தள்ளிப்போய், வேறு குழப்பம் வரும். ஒற்றை வரிசையில் இவை எதுவும் தேவையில்லை:

```python
def count(grid):
    f = [1] + [0] * (len(grid[0]) - 1)
    for row in grid:
        for j, c in enumerate(row):
            if c == '#':
                f[j] = 0
            elif j > 0:
                f[j] += f[j - 1]
    return f[-1]
```

கூட்டுவதற்கு முன் `f[j]` மேல் கட்டத்தின் எண். `f[j-1]` இடக் கட்டத்தின் புதிய எண். முதல் நெடுவரிசையில் அடைப்பு வந்தால் `f[0]` பூஜ்யமாகி, அதன்பின் கீழே எங்கும் உயிர்பெறாது. நாம் கேட்பதும் அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

```
....
..#.
....
.#..
```

வரிசை வரிசையாக `f` இப்படி மாறும்: 1 1 1 1, பிறகு 1 2 0 1, பிறகு 1 3 3 4, கடைசியில் 1 0 3 7. விடை 7. சரிபார்க்கலாம்: அடைப்பே இல்லையென்றால் 20 வழிகள். முதல் அடைப்பின் வழியே போவன 3 × 3 = 9, இரண்டாவதன் வழியே 4. ஒரே வழி இரண்டையும் தொட முடியாது. 20 − 13 = 7.

இந்த முறையின் ஆபத்தும் அடைப்பில்தான். `f[j] = 0` என்பதற்குப் பதிலாக `continue` என்று எழுதிவிட்டால், மேல் வரிசையின் பழைய எண் அங்கேயே தங்கிவிடும். மேற்சொன்ன கணக்கில் 7-க்குப் பதில் 13 வரும். பார்வைக்கு நம்பும்படியான எண், அதனால்தான் தொல்லை. பூஜ்யங்களால் தொடங்கிய முழு அட்டவணையில் அதே `continue` எந்தக் கெடுதலும் செய்யாது. கண்டுபிடிக்க எளிய சோதனை, ஒரு வரிசை முழுவதையும் அடைத்துப் பார்ப்பது. பூஜ்யம் வர வேண்டும். பிழையுள்ள நிரல் அந்த வரிசையே இல்லாததுபோல் எண்ணிக்கொண்டிருக்கும்.

ரிகர்ஷனை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டத்தில் ஆழம் 1999 வரை போகும். பைத்தானின் இயல்பு வரம்பு 1000. ஆனாலும் அதற்கு ஒரு நியாயமான பலம் உண்டு. அடைப்பில்லாத கட்டம் 35 × 35 ஆனாலே எண்ணிக்கை 64 பிட்டுக்குள் அடங்காது. அடைப்புகளால் இறுதி விடை சிறிதாக இருந்தாலும், முட்டுச் சந்தில் முடியும் கட்டங்களில் எண் பெருகி, சி++ போன்ற மொழிகளில் வரம்பு மீறலாம். தொடக்கத்திலிருந்து கிளம்பி, இலக்குவரை உள்ள வழிகளை எண்ணும் ரிகர்ஷன், சென்றடையக்கூடிய கட்டங்களை மட்டுமே தொடுகிறது. அங்கே எந்த எண்ணும் இறுதி விடையை மிஞ்சாது. விடையை 10^9+7-ஆல் வகுத்த மீதியாகக் கேட்கும் கணக்குகளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

கட்டம் லட்சத்துக்கு லட்சம், அடைப்புகள் சில ஆயிரம் மட்டும் என்றால் மூன்றுமே உதவாது. ஆயிரம் கோடிக் கட்டங்களைத் தொட நேரமில்லை. அடைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் முதல் அடைப்பாகச் சந்திக்கும் வழிகளைச் சேர்மானச் சூத்திரத்தால் எண்ணிக் கழிக்க வேண்டும். இதை நான் பயிற்சிக் கணக்குகளில் மட்டுமே எழுதியிருப்பதால் வேகத்தைப் பற்றி அழுத்திச் சொல்லமாட்டேன். எண்ணிக்கை மட்டும் போதாது, வழிகளில் ஒன்றையே எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் நானும் முழு அட்டவணைக்குத்தான் திரும்புவேன். ஒற்றை வரிசையில் பின்னோக்கி நடக்கத் தடயம் எதுவும் மிஞ்சாது.