செம்புக் குழாயா, அலுமினியக் குழாயா?

குழாய்க்குள் போட்ட காந்தம் மெதுவாக விழுவதை கோத்தகிரியில் அறிவியல் கண்காட்சியில் காட்ட எந்தக் குழாய் வாங்கலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். காந்தம் விழும்போது அதற்குக் கீழே குழாய்ச் சுவரில் காந்தப்புலம் கூடும், மேலே குறையும். இரண்டு மாற்றமும் சுவரில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். கீழ்ச்சுழல் காந்தத்தைத் தள்ளும், மேல்சுழல் பிடித்து இழுக்கும். வேகம் கூடினால் இந்தத் தடையும் கூடும். அது காந்தத்தின் எடைக்குச் சமமானதும் காந்தம் சீராக இறங்கும்.

மெதுவு: செம்புதான். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது அதில் சுமார் 60 சதவீதம்தான், அதனால் சுழல் மின்னோட்டமும் குறையும். ஒரே அளவுக் குழாய்களில், செம்பில் 5 விநாடி என்றால் அலுமினியத்தில் 3.

விலை: அலுமினியம் மலிவு. சுவர் தடிமனானதை வாங்கினால் குறை ஓரளவு ஈடாகும்.

குளிர்: இரண்டுக்கும் நல்லது. 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்தால் செம்பின் மின்தடை சுமார் 8 சதவீதம் குறையும். மேட்டுப்பாளையத்தைவிட இங்கே காந்தம் இன்னும் நிதானமாக இறங்கும்!

வகுப்பில் ஆளுக்கொன்று கொடுக்க அலுமினியம் போதும். மேடையில் காட்ட ஒன்றே ஒன்று என்றால் செம்பு வாங்குங்கள்.