கடைசி எபிசோடு வாரம்: மியூட்டா, டெலீட்டா, ஆர்க்கைவா?

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் கடைசி எபிசோடு நம்ம ஊர் நேரப்படி 2026 ஜனவரி 1, வியாழன் காலை 6.30 மணிக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் காலை ஷிப்டில் இருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம்தான். ஆனால் முதல் சீசனிலிருந்து இந்தத் தொடரை நான் அக்காவோடுதான் பார்க்கிறேன். வியாசர்பாடியிலிருந்து அவள் தண்டையார்பேட்டைக்கு வர ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும். "நான் வர்ற வரைக்கும் நீ பாக்கக் கூடாது, யார்கிட்டயும் கேக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டாள். வியாழன் காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை, மூன்றரை நாள், முடிவு கண்ணில் படாமல் போனை வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஆப்பையே எடுத்துவிடலாம், சொற்களை மியூட் செய்யலாம், குரூப்பை ஆர்க்கைவ் செய்யலாம். மூன்றையும் நான் செய்து பார்த்தேன். என் ஓட்டு ஆர்க்கைவுக்குத்தான்.

ஆப்பை எடுப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்ஸ்டாகிராமை வியாழன் காலையே போனிலிருந்து எடுத்தேன், ஞாயிறு இரவு திரும்பப் போட்டேன். கணக்கு அப்படியே இருக்கும், ஒன்றும் போகாது. யூடியூபில் தலைப்பும் முகப்புப் படமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், அதனால் அந்த நாட்களில் அதைத் திறக்கவே இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பை அப்படி எடுக்க முடியாது. நாளைக்கு யாருக்கு எந்த ஷிப்ட் என்பதே அதில்தான் வருகிறது. இந்த மூன்று வழிகளில் எது நல்லது என்பதை முடிவு செய்வதே அந்த ஒரு ஆப்தான்.

எக்ஸ் தளத்தில் சொல் மியூட் வசதி இருக்கிறது. அமைப்புகளில் Muted words என்ற இடத்துக்குப் போய்ச் சொல்லைச் சேர்த்து, 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலமும் வைக்கலாம். ஒரு வாரத்துக்கு வைத்தால் தானாகவே போய்விடும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது? இந்தத் தொடரில் ஒருவன் பெயர் Will. அதை மியூட் செய்தால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் பதிவுகளில் பாதி காணாமல் போகும். Eleven என்று போட்டால் கிரிக்கெட் பக்கம் பிளேயிங் லெவன் பற்றி எழுதுவதும் சேர்ந்து போகும். Max, Mike எல்லாம் அதே கதைதான். வில்லன் பெயர் Vecna மட்டும்தான் சாதாரணப் பேச்சில் வராத சொல். ஆனால் நம்ம ஆட்கள் அதை அப்படியேவா எழுதுகிறார்கள்? வெக்னா என்று தமிழில் எழுதுவார்கள். வெக்னாவை, வெக்னாவுக்கு, வெக்னாதான் என்று ஒட்டு ஏறும்போது ஒவ்வொன்றும் தனிச் சொல்லாகிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் vecnava என்று ஒட்டியும் எழுதுவார்கள். முதல் நாள் ஆறு சொல் சேர்த்தேன், மறுநாள் பதினாறு ஆனது. ஒவ்வொரு புதுச் சொல்லும் என் கண்ணில் பட்ட பிறகுதான் பட்டியலுக்கு வந்தது. அதாவது தப்பவிட்ட பிறகே பூட்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. படத்துக்குள் இருப்பதை இந்த மியூட் படிக்காது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி ஒரு மீம் செய்து, நடுவில் ஒரு முகத்தை வைத்து, மேலே ஒரு சொல்லும் எழுதாமல் போட்டால், நம் பட்டியலில் எத்தனை சொல் இருந்தாலும் அது நேராக வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை இரவே எக்ஸையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். சொல் மியூட் கிரிக்கெட் ஸ்கோரை மறைக்க உதவலாம். பெயர்களே சாதாரணச் சொற்களாக இருக்கும் தொடருக்கு அது போதாது.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். அதில் சொல் மியூட் இல்லை. குரூப் மியூட் உண்டு, 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று அளவில். பெரும்பாலோர் இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 2019 மே 20 அன்று நானும் அப்படித்தான் இருந்தேன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி எபிசோடும் ஒரு காலை 6.30 மணிக்குத்தான் இங்கே வந்தது. அன்று திங்கட்கிழமை. கேரம் குரூப்பை 8 மணி நேரம் மியூட் செய்துவிட்டு வேலைக்குப் போனேன். டீ நேரத்தில் ஷிப்ட் பட்டியல் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தேன். குரூப் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்த செய்தியின் ஒரே ஒரு வரி. அரியணையில் யார் உட்கார்ந்தார் என்பது முழுசாக அந்த ஒரு வரியில் இருந்தது. நான் குரூப்பைத் திறக்கவே இல்லை. மணி அடிக்கவில்லை, பூட்டுத்திரையில் எதுவும் வரவில்லை. மியூட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது சத்தத்தை நிறுத்துமே தவிர, அந்த ஒரு வரியை மறைக்காது. எட்டு வருஷம் பார்த்த தொடர் டீக்கடை பெஞ்சில் முடிந்துபோனது இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் எந்த வழியாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குரூப்பைத் திறக்காமலேயே என்ன தெரிகிறது? ஆர்க்கைவ் மட்டும்தான் அந்த வரியை எடுத்துவிடுகிறது. குரூப் பெயரை அழுத்திப் பிடித்து, மேலே வரும் கீழ்நோக்கிய அம்புக்குறிப் பெட்டியைத் தொட்டால் போதும். குரூப் பட்டியலிலிருந்து விலகி, Archived என்ற ஒரு வரிக்குள் போய்விடும். உள்ளே யார் என்ன எழுதினார் என்பது வெளியே தெரியாது.

2019-இல் ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்கலாம். அப்போது ஆர்க்கைவ் செய்த குரூப்பில் ஒரு புதுச் செய்தி வந்தால் அது மறுபடி பட்டியலின் உச்சிக்கு ஏறி வந்துவிடும். 2021 ஜூலையில்தான் ஆர்க்கைவ் செய்தது அங்கேயே இருக்கும்படி மாற்றினார்கள். அமைப்புகளில் Chats பகுதியில் Keep chats archived என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால் பழைய கதைதான். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கைவிலும் இரண்டு ஓட்டை உண்டு. நம் பெயரைக் குறித்து யாராவது எழுதினாலும், நம் பழைய செய்திக்கு யாராவது பதில் போட்டாலும் அறிவிப்பு வரும். இதற்குக் கருவியில் மருந்து தேடுவதைவிட ஆட்களிடம் சொல்லிவிடுவது மேல். "ஞாயிறு வரைக்கும் என்னை டேக் பண்ணாதீங்கடா" என்று புதன் இரவே எழுதிவிட்டேன்.

இரண்டாவது ஓட்டை எனக்கு முன்கூட்டியே தெரியாது. இதே சீசனின் இரண்டாம் தொகுதி டிசம்பர் 26 காலை வந்தபோது ஒத்திகை போல குரூப்பை ஆர்க்கைவ் செய்து வைத்திருந்தேன். மறுநாள் வீட்டு ஓனருக்குக் கரண்ட் பில் போட்டோ அனுப்பலாம் என்று கேலரியைத் திறந்தால், முதல் வரிசையிலேயே அந்தத் தொடரின் ஒரு காட்சி. குரூப் ஒளிந்திருந்தது, ஆனால் அதில் வந்த படங்கள் தானாகவே இறங்கி கேலரியில் உட்கார்ந்திருந்தன. ஆண்ட்ராய்டில் குரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போய் Media visibility என்பதில் No என்று மாற்றினால் அது நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் படங்களுக்குத்தான் அது செல்லும், முன்பே இறங்கியவை அங்கேயே கிடக்கும். அதனால் எபிசோடு வருவதற்கு முந்தின இரவே செய்ய வேண்டும். படம் தானாக இறங்குவதையும் Storage and data பகுதியில் நிறுத்தினேன். புத்தாண்டு அன்று வாழ்த்துப் படங்கள் வந்து குவியும் நாள் என்பதால், போனின் இடமும் மிச்சமானது. ஐபோனில் இதை நான் செய்து பார்த்ததில்லை. ஸ்டேட்டஸ் பக்கம் போகவே இல்லை. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஆளுக்கு ஆள் அழுத்திப் பிடித்து மியூட் செய்யலாம்.

இவ்வளவும் ஒருவர் தனியாகச் செய்வது. குரூப்பே சேர்ந்து செய்த ஒன்றும் இருக்கிறது. எங்கள் கேரம் குரூப்பில் பதினோரு பேர். அதில் நாலு பேர் வியாழன் காலையே பார்த்துவிட்டார்கள். பார்த்தவனைப் பேசாதே என்று சொல்வதும் நியாயமில்லையே. கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவன் ஒரு யோசனை சொன்னான்: "அண்ணா, பாத்தவங்க எழுத வேணாம், வாய்ஸ் நோட்ல பேசட்டும்." எனக்கு உடனே பிடித்துப்போனது. வாய்ஸ் நோட் வந்தால் பட்டியலில் ஒரு மைக் படமும் எத்தனை விநாடி என்பதும் மட்டும்தான் தெரியும். எழுத்தை மறைத்து அனுப்பும் வசதி டெலிகிராமில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் இல்லை. அந்த இடத்தை வாய்ஸ் நோட் நிரப்புகிறது. ஆர்க்கைவ் செய்யத் தெரியாத பெரியவர்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். அடுத்தடுத்து வந்திருக்கும் வாய்ஸ் நோட்டுகளில் ஒன்றைப் போட்டால், அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். ஒருவன் வெள்ளிக்கிழமை புத்தாண்டு வாழ்த்தைக் கேட்கப் போய், பின்னாலேயே வந்த முடிவையும் பாதி கேட்டுவிட்டான். அன்றிலிருந்து வேறு விஷயம் எதுவானாலும் எழுத்தில்தான் என்று வைத்துக்கொண்டோம். பதினோரு பேர், எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், அதனால் இது நின்றது. இருநூறு பேர் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் இது நிற்கும் என்று நான் நம்பவில்லை. அங்கே ஆர்க்கைவ்தான்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு அக்கா வஞ்சிரம் வறுவலோடு வந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எபிசோடு, ஒரு முறைகூட நிறுத்தவில்லை. முடிந்ததும் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் ஆர்க்கைவைத் திறந்து, வியாழன் காலையிலிருந்து சேர்ந்திருந்த வாய்ஸ் நோட்டுகளை முதலிலிருந்து போட்டோம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியது. பசங்க குரல் உடைந்து பேசியதை எல்லாம் அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், பத்து மணி வரைக்கும்.